பழைய கேப்ஷனும் புது கேப்ஷனும் முட்டிக்கொள்ளாமல் இருக்கப் பதிவேடு எப்படி வைக்கிறீர்கள்?

தறிநூல்

வணக்கம். மூன்று கிளைகள் உள்ள ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் கேப்ஷன் எழுதும் வேலை சித்திரையிலிருந்து என்னிடம் வந்திருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு எழுத உட்காரும் முன் போன ஆடியில் என்னென்ன போட்டிருந்தார்கள் என்று வரிசையாகப் படித்தேன். ஒரு பதிவில் "50% வரை தள்ளுபடி". அடுத்த ரீலின் முகப்பில் "50% தள்ளுபடி". ஒன்றில் "ஆடி 18 வரை", இன்னொன்றில் "ஆகஸ்ட் 16 வரை". "தூய பட்டு" என்று போட்ட ஒரு புடவையை, பத்து நாள் கழித்து "சாஃப்ட் சில்க், செமி" என்று விற்றிருக்கிறார்கள். படம் அதே படம்.

தேதி மாறிப் போட்ட அந்த இரண்டு பதிவையும் ஒரு அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "எது உண்மை?" என்று கமென்டில் கேட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை, அந்தக் கமென்ட் இன்னும் அப்படியே கிடக்கிறது.

இந்த வருடம் அனுமதி கிடைத்த வாசகங்கள், ஆஃபர்கள், தேதிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு போட்டு, அதைப் பார்த்துத்தான் எழுதுவது என்று முதலாளியிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். என்ன என்ன பத்திகள் வைப்பது? ஒவ்வொரு கேப்ஷனையும் ஒரு வரிசையாக ஏற்றுவதா, வேறு மாதிரியா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

விளம்பரப்பட்டறை

இதற்குத் தனிப் பதிவேடு எதற்கு? மாதாந்திரப் பதிவு அட்டவணை வைத்திருப்பீர்கள்தானே. என்றைக்கு எந்தப் போஸ்ட், என்ன கேப்ஷன், எந்த ஹேஷ்டேக் என்று அதில் இருக்கும். புதிதாக எழுதும்போது மேலே ஸ்க்ரோல் செய்து பார்த்தால் போதும். நாங்கள் ஆறு கடைகளுக்கு இப்படித்தான் செய்கிறோம்.

மெய்ப்புமேசை

பட்டறை சொல்வது வேறு வேலைக்கான அட்டவணை. என்ன வெளியே போனது என்று அது காட்டும். என்ன சொல்ல நமக்கு அனுமதி இருக்கிறது என்று காட்டாது. போன ஆடியில் "50% தள்ளுபடி" என்று தவறாகப் போன வரியும் அந்த அட்டவணையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து எழுதுகிறவர் தவறையே திரும்ப எழுதுவார்.

நான் பல வருடம் பத்திரிகை விளம்பரப் பிரிவில் மெய்ப்புப் பார்த்தவன். எங்கள் வழக்கம் இதுதான்: ஒரு வரிசையில் ஒரே ஒரு கூற்று. கேப்ஷன் ஏறக்கூடாது, கூற்றுதான் ஏறவேண்டும். ஒரு கேப்ஷனில் மூன்று கூற்றுகள் இருக்கலாம். அப்போது மூன்று வரிசை எண்களை அந்தக் கேப்ஷன் பக்கத்தில் குறித்துக்கொள்வோம்.

உங்கள் ஆடி ஆஃபரையே எடுத்துக்கொள்வோம். முதலாளி போனில் "ஐம்பது பர்சென்ட் வரைக்கும் போட்டுக்கோப்பா" என்பார். அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றினால் பயனில்லை. எந்தச் சரக்குக்கு, எந்தக் கிளையில், எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிய, வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்கிறவருக்கும் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு வரிசை இப்படி இருக்கும்:

எண்: ஆ-07
வரி: தேர்ந்தெடுத்த காட்டன் புடவைகளுக்கு 50% வரை தள்ளுபடி
சொல்லக்கூடாதது: 50% தள்ளுபடி / பாதி விலை / எல்லாப் புடவைக்கும் / பட்டுக்கும்
எங்கே: மூன்று கிளைகளிலும், நேரில் மட்டும்
தொடக்கம்: ஜூலை 17
முடிவு: ஆகஸ்ட் 3, அன்றைக்குக் கடை மூடும் வரை
சொன்னவர், சொன்ன நாள்: முதலாளி, ஜூலை 5, வாட்ஸ்அப் எழுத்தில்
நிலை: சரி

"சொல்லக்கூடாதது" என்கிற பத்தியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். கேப்ஷன் எழுதுகிறவர் வரியை அப்படியே ஒட்டமாட்டார், இடத்துக்கு ஏற்ற மாதிரி சுருக்குவார். சுருக்கும்போது முதலில் உதிர்வது "வரை"தான். "50% வரை" என்றால் ஒரு புடவைக்கு 10 சதவீதம்கூட இருக்கலாம். "50%" என்றால் எல்லாவற்றுக்கும் பாதி விலை. ரீல் முகப்பில் பெரிய எழுத்து வேண்டும் என்று டிசைனர் "வரை"யை எடுத்துவிடுவார். போன ஆடியில் உங்கள் கடைக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

செக்கடி_ஈரோடு

நான் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறேன், கேப்ஷனும் நானே எழுதுகிறேன். எனக்கு ஆஃபரெல்லாம் கிடையாது. நாலு வருடமாக "100% சுத்தமான மரச்செக்கு எண்ணெய்" என்றுதான் போட்டு வருகிறேன். ஒரே வரி, மாறவே இல்லை, அதனால் முரண்பாடு வர வாய்ப்பில்லை. எனக்கெல்லாம் இந்தப் பதிவேடு தேவைப்படாது என்று நினைக்கிறேன், சரிதானே?

மெய்ப்புமேசை

செக்கடி அண்ணா, உங்களுக்குத்தான் அதிகம் தேவை. 2025 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், லேபிளிலும் பேக்கிலும் விளம்பரத்திலும் "100%" என்று போடுவதைத் தவிர்க்கச் சொல்லி உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கு அறிவுறுத்தியது. பாட்டில் லேபிளில் அதை எடுத்துவிட்டு கேப்ஷனில் மட்டும் தொடர்ந்தால், உங்கள் பாட்டிலும் உங்கள் பதிவும் ஒன்றையொன்று மறுக்கும்.

ஆஃபருக்கு முடிவு தேதி இருக்கிற மாதிரி, பொருளைப் பற்றிய கூற்றுக்கு மறுபார்வைத் தேதி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த வரியை எடுத்து, இது இன்னும் சொல்லத்தக்கதா, ஆதாரம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரே வரி என்றாலும் அதற்கு ஒரு வரிசை போடுங்கள்.

செக்கடி_ஈரோடு

இது எனக்குப் புதுச் செய்தி. லேபிள் அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன். பழைய பதிவு நூறுக்கு மேல் கிடக்குமே, எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

ராஜி_சமூகஊடகம்

இவ்வளவு சிக்கல் வேண்டாம் என்பது என் கருத்து. கடைசியில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சட்டப்படி பாதுகாப்பு. பெரிய நிறுவனங்களே அப்படித்தான் செய்கின்றன.

மெய்ப்புமேசை

பாதி சரி, ராஜி. நிபந்தனை வரி இருப்பது நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன தவறான கூற்றை அது சரிசெய்துவிடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களிலேயே இது இருக்கிறது: பொறுப்புத்துறப்பு வரி முதன்மைக் கூற்றுக்கு முரணாக இருக்கக்கூடாது, கூற்று எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். மேலே தமிழில் "50% தள்ளுபடி", கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை என்று போடும் வழக்கம் இரண்டு விதத்திலும் அடிபடும்.

அதனால் நிபந்தனையும் பதிவேட்டில் கூற்றோடு அதே வரிசையில் தமிழில் இருக்கட்டும். தனியாக வைத்தால் அது பிரிந்து போய்விடும்.

ராஜி_சமூகஊடகம்

மொழி பற்றிய விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் டெம்ப்ளேட்டில் நிபந்தனை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மாற்றச் சொல்கிறேன். ஆனாலும் சின்னக் கடைகளிடம் இவ்வளவு எழுத்து வேலை எதிர்பார்க்க முடியாது என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை.

பில்கவுன்டர்

நான் எழுதுகிறவன் இல்லை, ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பார்க்கிறேன். உங்கள் கேப்ஷனுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடைசியில் என் மேசைதான் என்பதால் சொல்கிறேன்.

தள்ளுபடியை நாங்கள் மனதில் வைத்துப் போடுவதில்லை. எந்த ஐட்டம் கோடுக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி என்று சாஃப்ட்வேரில் ஏற்றிவிடுவோம். முடிவு தேதி தாண்டினால் அது தானாக நின்றுவிடும். கேப்ஷனில் ஆகஸ்ட் 16, சாஃப்ட்வேரில் ஆகஸ்ட் 3 என்றால் நாலாம் தேதி வருகிற வாடிக்கையாளருக்கு முழு விலை அடிக்கும். அவர் போனை நீட்டுவார். மேனேஜர் வந்து கையால் குறைத்துக் கொடுப்பார், சில நாள் மாட்டேன் என்பார். அன்றைக்கு அங்கே நிற்கிறவனுக்குத்தான் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

உங்கள் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேருங்கள்: "பில்லிங்கில் ஏற்றியாச்சா, யார் பார்த்தது". முதலாளி சரி என்று சொன்னதும் அந்த வரி சரியாகிவிடாது. கவுன்டரில் ஒரு புடவையை ஸ்கேன் செய்து அந்த விலை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நிலையில் "சரி" போடுங்கள்.

மெய்ப்புமேசை

இது நான் சொல்ல மறந்துவிடக்கூடிய இடம், நன்றி. பத்திரிகையில் எங்களுக்குக் கவுன்டர் கிடையாது. தறிநூல், இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தறிநூல்

சேர்த்துவிட்டேன். மூன்று கிளைக்கும் மூன்று பெயர் போட இடம் விட்டிருக்கிறேன்.

தேதியில்தான் குழப்பம். ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 3. ஆடி முடிவது ஆகஸ்ட் 16. முதலாளி "ஆடி ஆஃபர்" என்று சொல்லும்போது அவர் மனதில் எது இருக்கிறது என்று அவருக்கே அன்றைக்கு நிச்சயமில்லை. கூட்டம் நன்றாக இருந்தால் பெருக்கு முடிந்தும் நீட்டிப்பார், அது அவர் வழக்கம். நீட்டித்தால் ஆ-07 வரிசையில் முடிவு தேதியை மட்டும் மாற்றிவிடலாமா?

மெய்ப்புமேசை

மாற்றாதீர்கள். பழைய வரிசை அப்படியே இருக்கட்டும். நிலையில் "மாற்றப்பட்டது, ஆ-12 பார்க்க" என்று போட்டு, ஆ-12 என்று புது வரிசை திறந்து, புதுத் தேதியையும் சொன்னவர் பெயரையும் அதில் எழுதுங்கள். ஆகஸ்ட் 5 அன்று ஒருவர் ஜூலை 20-ஆம் தேதி ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தால், ஜூலை 20-இல் நாம் என்ன சொல்ல அனுமதி பெற்றிருந்தோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். தேதியை அழித்து எழுதியிருந்தால் பதிவேடும் அவருக்கு எதிராகப் பொய் சொல்லும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், "கடைசி நாள்" என்ற சொல். ஆகஸ்ட் 3 அன்று காலையில் "இன்றே கடைசி நாள், தவறவிடாதீர்கள்" என்று போட்டுவிட்டு நாலாம் தேதி "வாடிக்கையாளர் வேண்டுகோளுக்கு இணங்க நீட்டிப்பு" என்று போட்டால், அந்த நீட்டிப்பே முதல் பதிவுக்கு முரண். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று உத்திகளுக்கு எதிராக 2023-இல் வந்த வழிகாட்டுதல்களும் தடுக்கின்றன. அதில் விளம்பரம் செய்கிறவர்களும் அடக்கம். எங்கள் மேசையில் "கடைசி நாள்" என்பதையே தனிக் கூற்றாக ஏற்றுவோம். "இதற்கு மேல் நீட்டிக்க மாட்டேன்" என்று முதலாளி எழுத்தில் தந்தால்தான் அதற்கு "சரி" விழும். தராவிட்டால் "ஆகஸ்ட் 3 வரை" என்று மட்டும் எழுதுவோம். அது போதும்.

விளம்பரப்பட்டறை

சரி, ஒப்புக்கொள்கிறேன், இது அட்டவணை செய்யும் வேலை இல்லை. ஆனால் பதிவேட்டை யார் ஒவ்வொரு தடவையும் திறந்து நூறு வரிசை படிப்பார்கள்? எழுதுகிறவருக்கு இன்றைக்குச் செல்லுபடியாகும் வரிகள் மட்டும் தெரிந்தால் போதும். கூகுள் ஷீட்டில் E தொடக்கம், F முடிவு, G நிலை என்று வைத்தால்:

```
=FILTER(A2:G, E2:E<=TODAY(), F2:F>=TODAY(), G2:G="சரி")
```

இன்றைக்கு உயிரோடு இருக்கிற வரிகள் மட்டும் வந்து நிற்கும். முடிந்தவை தானாக மறைந்துவிடும்.

மெய்ப்புமேசை

நல்ல யோசனை, பட்டறை. ஒரு இடம் மட்டும் இடிக்கிறது. ஜூலை 25 அன்று உட்கார்ந்து ஆகஸ்ட் 10-க்கான பதிவை எழுதி ஷெட்யூல் செய்வோம். அன்றைக்கு ஷீட் காட்டுவது ஜூலை 25-இல் செல்லும் ஆஃபரை. ஆகஸ்ட் 3-இல் முடிகிற வரி அதில் உயிரோடு தெரியும், நாம் அதை எடுத்து ஆகஸ்ட் 10-க்குப் போட்டுவிடுவோம். முரண்பாடு பெரும்பாலும் ஷெட்யூல் செய்த பதிவுகளில்தான் நுழைகிறது.

விளம்பரப்பட்டறை

ஆமாம், அது சரி. அப்படியென்றால் பதிவு வெளியாகும் தேதியை J1-இல் எழுதி, TODAY() இருக்கும் இரண்டு இடத்திலும் அதைக் கொடுத்துவிடலாம்:

```
=FILTER(A2:G, E2:E<=J1, F2:F>=J1, G2:G="சரி")
```

இதை J3-இல் வையுங்கள். இரண்டு எச்சரிக்கை. முடிவுப் பத்தியில் "ஆடி 18" என்று எழுதினால் ஷீட்டுக்கு அது தேதியே அல்ல, வடிகட்டல் தவறிவிடும். தமிழ்த் தேதி வேண்டுமென்றால் வரியில் எழுதுங்கள், F-இல் ஆங்கிலத் தேதி மட்டும். இன்னொன்று, ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 3/8 என்று தட்டினால் மார்ச் 8 ஆகிவிடும். அமைப்புகளில் இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள். செக்கடி அண்ணா மாதிரி முடிவு தேதி இல்லாதவர்கள் F-ஐக் காலியாக விட்டால் வரி பட்டியலிலேயே வராது. மறுபார்வைத் தேதியை அங்கே போடுங்கள்.

தறிநூல்

போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் 10 என்று கொடுத்ததும் ஆ-07 மறைந்து பட்டு பற்றிய வரிகள் மட்டும் நின்றன. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பட்டு வரிகளில் ஒரு சந்தேகம். "எங்கள் கடையில் அனைத்தும் தூய பட்டு" என்று முதலாளி ஒரு வரி தந்திருக்கிறார். ஆதாரம் கேட்டதற்கு, சில்க் மார்க் இருக்கிறதே என்கிறார். இதை "சரி" என்று ஏற்றலாமா?

பில்கவுன்டர்

ஏற்றக்கூடாது. சில்க் மார்க் லேபிள் புடவைக்குப் புடவை தொங்கும். மத்தியப் பட்டு வாரியம் சார்ந்த அமைப்பு தருவது அது. கடையில் பத்துப் புடவைக்கு அந்த லேபிள் இருந்தால் பத்துக்குத்தான் அந்தப் பேச்சு. நீங்களே சொன்னீர்கள், செமி சாஃப்ட் சில்க்கும் அங்கே விற்கிறார்கள் என்று. "அனைத்தும்" என்ற சொல் அன்றைக்கே பொய்யாகிவிடும்.

மெய்ப்புமேசை

அதே. வரியை இப்படி மாற்றி முதலாளியிடம் காட்டுங்கள்: "சில்க் மார்க் லேபிள் உள்ள புடவைகள் தூய பட்டு." சொல்லக்கூடாததில் "அனைத்தும்", "எல்லாமே" இரண்டையும் எழுதுங்கள். ஜரிகையைத் தனி வரிசையில் வையுங்கள். பட்டு தூய பட்டு என்பதற்கான சான்று ஜரிகைக்குச் சான்று ஆகாது. "தூய பட்டு, தூய ஜரிகை" என்று ஒரே மூச்சில் எழுதும் பழக்கம் இருக்கிறது. நெசவாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ வாங்கிய பில்லில் ஜரிகை என்ன என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஜரிகை பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அந்த வரிசையோடு புடவையின் ஐட்டம் கோடும் இருக்கட்டும். அதே படத்தைப் பத்து நாள் கழித்து "செமி" என்று போடும் பிழை, ஐட்டம் கோடு வைத்துத் தேடினால் அங்கேயே தெரிந்துவிடும். சொல்லை வைத்துத் தேடினால் தெரியாது. "தள்ளுபடி", "தள்ளுபடியில்", "பாதி விலை", "அரை விலை" என்று தமிழில் ஒரே விஷயம் பல உருவில் வரும், தேடல் பெட்டி எல்லாவற்றையும் பிடிக்காது.

செக்கடி_ஈரோடு

என் பழைய பதிவுகள் பற்றிக் கேட்டிருந்தேன்.

ராஜி_சமூகஊடகம்

ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது, லைக்கும் போகாது. திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. படத்திலேயே எழுத்து இருந்தால் கேப்ஷனைத் திருத்தி என்ன பயன்?

மெய்ப்புமேசை

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் கேள்வி கேட்டிருக்கும் பதிவை மறைத்தால் அவர் கேள்வியும் சேர்ந்து மறைகிறது. கேப்ஷனில் மட்டும் தவறு இருப்பதைத் திருத்தி, திருத்திய நாளை அங்கேயே எழுதலாம். படத்தில் தவறு இருந்தால் ஆர்க்கைவ். கேள்வி கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு ஆர்க்கைவ். செக்கடி அண்ணா, நூறையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். மேலே பின் செய்த பதிவுகள், ஹைலைட்ஸ், காசு கட்டி ஓட்டும் விளம்பரங்கள், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். புது ஆள் வந்து பார்ப்பது அவற்றைத்தான்.

ராஜி_சமூகஊடகம்

திருத்திய நாளை எழுதினால் தவறு செய்தோம் என்று நாமே ஊருக்குச் சொல்வது மாதிரி. எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மெய்ப்புமேசை

ஒப்புக்கொண்ட முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அப்படி இல்லை என்பதும் உண்மைதான்.

தறிநூல்

அந்த அம்மாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். போன வருட ஆஃபர் ஆடி 18 வரைதான், இரண்டாவது பதிவின் தேதி தவறு என்று முதலாளியிடம் கேட்டே எழுதினேன். அந்தப் பதிவை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னும் ஒன்று. கடை அண்ணன் தம்பி இருவருடையது. எழுத்தில் "சரி" தருவது தம்பி. அண்ணனுக்கு வாட்ஸ்அப் பழக்கமில்லை, கடைக்கு வருகிற வாடிக்கையாளரிடம் அவர் பாட்டுக்கு "பட்டுக்கும் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லிவிடுகிறார். பதிவேட்டில் இதை எப்படிக் காட்டுவது?

பில்கவுன்டர்

எங்கள் கடையிலும் இரண்டு முதலாளி. பதிவேட்டில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். அண்ணன் வாயால் கொடுப்பது அந்த வாடிக்கையாளருக்கான தனிச் சலுகை, அது கேப்ஷனுக்கு வரக்கூடாது. சனிக்கிழமை தோறும் அடுத்த வாரத்து வரிகளை மட்டும் ஒரு தாளில் பிரின்ட் எடுத்து அண்ணன் மேசையில் வைக்கிறோம். படிக்கிறாரா என்று தெரியாது, ஆனால் கவுன்டரில் சத்தம் குறைந்திருக்கிறது.

தறிநூல்

பிரின்ட் எடுத்து வைக்கிறேன். வாசலில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் யாரைக் கேட்டு அடிக்கிறார் என்பதையும் இந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும். போன வருட ஃபிளெக்ஸின் படம் ஒன்று கிடைத்தது, அதில் "வரை"யும் இல்லை, தேதியும் இல்லை.